ஈ.பி. பில் ஏறிய வருடத்தில் சம்பள உயர்வு கேட்டேன்

சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் மின்பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். பன்னிரண்டாயிரம் கதிர்கள் ஓடும் நடுத்தர ஆலை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்ததிலிருந்து இந்தத் தொழில்தான். 2022-ல் என் சம்பளம் 20,500 ரூபாய். அந்த வருடம் சம்பள உயர்வும் பதவி உயர்வும் கேட்டு நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். ஆலையிலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ மேலே போய்க் கேட்க வேண்டிய நிலையில் இருக்கிற ஒருவருக்காவது இது உதவட்டும். எனக்கு அப்போது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. எப்போது கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது என்று வீட்டிலும் தெரியாது, ஷிப்டில் கூட இருந்தவர்களுக்கும் தெரியாது. "கேட்டால் கொடுப்பார்கள், கேட்டுப் பார்" என்ற அளவில்தான் எல்லாருடைய யோசனையும் இருந்தது.

எங்கள் ஆலையில் காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் கம்ப்ரஸர்கள் இரண்டு. பெரியது 55 கிலோவாட், சின்னது 37 கிலோவாட். நூலைக் கோன்களில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரங்களுக்குக் காற்று போதவில்லை என்று இரண்டும் இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே உறுத்தல்தான். 2022 பொங்கல் விடுமுறையில் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தபோது பெரிய கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, கையில் கடிகாரத்துடன் பக்கத்தில் நின்றேன். காற்றை யாருமே பயன்படுத்தாத நேரத்தில், அழுத்தம் நிரம்பியதும் கம்ப்ரஸர் சுமையை இறக்கிவிட்டு வெறுமனே சுற்ற வேண்டும். கசிவு இருந்தால் அழுத்தம் விழுந்து மறுபடியும் சுமை ஏறும். அன்று 40 விநாடி சுமையோடும் 80 விநாடி சுமையில்லாமலும் மாறி மாறி ஓடியது. சுமையோடு ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. அதாவது பெரிய கம்ப்ரஸர் தயாரிக்கக்கூடிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு குழாய் இணைப்புகளிலும் பழைய டியூப்களிலும் கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரங்களில் ஒவ்வொரு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, டியூப், கிளாம்ப், வால்வு என்று மாற்றிக்கொண்டே வந்தேன். என்னுடன் இருந்த எலக்ட்ரீசியன் தம்பியும் சேர்ந்துகொண்டான். ஸ்டோரிலிருந்து எடுத்த பொருட்களுக்கு மொத்தம் 38,000 ரூபாய் ஆனது. மார்ச் மாத விடுமுறை ஒன்றில் மறுபடியும் அளந்தேன். 15 விநாடி சுமை, 135 விநாடி ஓய்வு. பத்து சதவீதம். அதன் பிறகு சின்ன கம்ப்ரஸர் தேவையே இல்லை. அதை அவசரத்துக்கு மட்டும் என்று நிறுத்தி வைத்தோம். அது சராசரியாக 29 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 700 யூனிட், மாதத்துக்கு 20,000 யூனிட் மிச்சம். அன்றைய கட்டணத்தில் ஒண்ணேகால் லட்சத்துக்கும் மேல்.

இதே காலத்தில் எங்கள் மின்பிரிவு இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஸ்டோரில் பொருள் கேட்டு இன்டென்ட் போடுவது, சர்வீஸ் ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பது, மின் ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காகிதங்களைத் தயார் செய்வது எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. சம்பளம் மட்டும் அதே 20,500.

கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன், தள்ளிப்போகும். அந்த மே மாதம் பஞ்சு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு நூல் விலை இறங்கி, பஞ்சு வாங்கி வைத்த ஆலைகள் எல்லாம் கையைச் சுட்டுக்கொண்டன. அந்த நேரத்தில் முதலாளி முன்னால் போய் நிற்கவே தைரியம் வரவில்லை. கடைசியில் அக்டோபரில், தீபாவளி போனஸ் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, சின்ன முதலாளியைப் போய்ப் பார்த்தேன். மின்செலவைக் குறைத்திருக்கிறேன், சம்பளத்தைப் பார்த்துச் செய்யுங்கள் சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. மேசை டிராயரைத் திறந்து அந்த மாத ஈ.பி. பில்லை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "பிப்ரவரியைவிட இரண்டரை லட்சம் அதிகம். நீங்கள் எதைக் குறைத்தீர்கள்?"

பதில் சொல்ல வரவில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை. வெளியே வந்தபோது முகமெல்லாம் எரிந்தது. மில் மேனேஜர் வேறு, "கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்வது உன் வேலைதானே, அதற்குத் தனியாகக் கூலி உண்டா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். இரண்டு வாரம் வேலையில் மனம் ஒட்டவில்லை. எவன் வீட்டுக் காற்றோ போகட்டும் என்றுகூடத் தோன்றியது. எங்காவது கசிவுச் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாக அங்கே போகும், அது வேறு விஷயம்.

அந்த பில்லைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது. எங்களைப் போன்ற உயரழுத்த ஆலைகளுக்கு யூனிட் 6.35 ரூபாயிலிருந்து 6.75 ஆனது. அதோடு, ஓடிய யூனிட்டைப் பார்க்காமல் ஒப்பந்த அளவை வைத்து மாதாமாதம் போடும் டிமாண்ட் கட்டணத்திலும் அடி. ஒரு கேவிஏவுக்கு மாதம் 350 ரூபாயாக இருந்தது 550 ஆனது. எங்கள் ஒப்பந்த அளவு 1,000 கேவிஏ. குறைந்தது அதில் 90 சதவீதத்துக்கு, அதாவது 900 கேவிஏவுக்குக் கட்டியே ஆக வேண்டும். ஆக, டிமாண்டில் மட்டும் 3.15 லட்சம் 4.95 லட்சமாகிவிட்டது. இதில் நான் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

யூனிட் கணக்கோ வேறு கதை சொன்னது. பிப்ரவரியில் 5.3 லட்சம் யூனிட், அக்டோபரில் 5.1 லட்சம். உற்பத்தி இரண்டு மாதமும் ஏறக்குறைய 1.25 லட்சம் கிலோ. பழைய கட்டணத்தில் பழைய யூனிட்டுக்கு பில் 36.8 லட்சம். புதிய கட்டணத்தில் புதிய யூனிட்டுக்கு 39.4 லட்சம். சின்ன முதலாளி பார்த்தது இந்த இரண்டு எண்களை மட்டும்தான். அவர் பார்க்க வேண்டிய மூன்றாவது எண் ஒன்று உண்டு. கசிவை அடைக்காமல் விட்டிருந்தால் அக்டோபரில் என்ன வந்திருக்கும்? 5.3 லட்சம் யூனிட்டைப் புதிய விலையில் போட்டு டிமாண்டைக் கூட்டினால் 40.7 லட்சம். வந்தது 39.4. வித்தியாசம் 1.35 லட்சம், மாதாமாதம். உச்சநேரக் கூடுதல் கட்டணமும் வரியும் இந்தக் கணக்கில் இல்லை. எளிமைக்காக அவற்றை விட்டிருக்கிறேன்.

செலவைக் குறைத்ததைக் காட்டிச் சம்பளம் கேட்கப் போகிறவர்கள் இந்த மூன்றாவது எண்ணைத் தயார் செய்யாமல் போகவே கூடாது. டீசல் விலை, பஞ்சு விலை, வட்டி என்று நம் கையில் இல்லாத ஏதோ ஒன்று எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். அது ஏறினால் நம் உழைப்பை மறைத்துவிடும். இறங்கினால் நாம் செய்யாததும் நம் கணக்கில் வந்து சேரும், அதை யாராவது கண்டுபிடித்தால் மானம் போகும். விலையை ஓரமாக வைத்துவிட்டு அளவைப் பேச வேண்டும். கேட்பவர் ரூபாயில்தான் கேட்பார். யூனிட்டில் சொல்லிவிட்டு, பிறகு இன்றைய விலையில் அது எவ்வளவு என்று மாற்றிக் காட்டினால் போதும்.

அளவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நூற்பாலைகளில் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று பார்ப்போம், யூ.கே.ஜி. என்பார்கள். எங்களுக்கு அது 4.24-லிருந்து 4.08-க்கு இறங்கியிருந்தது. அதைப் பெரிதாக எழுதிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். டிசம்பரில் ஆர்டருக்காகப் பாதி இயந்திரங்களை 40-ஆம் நம்பரிலிருந்து 60-ஆம் நம்பர் நூலுக்கு மாற்றினார்கள். நூல் மெலிய மெலிய ஒரு கிலோவுக்கு ஆகும் மின்சாரம் கூடும். யூ.கே.ஜி. நாலரையைத் தாண்டிவிட்டது. 60-ஐ 40-க்குச் சமமாக மாற்றிப் பார்க்கும் கணக்கு உண்டு, ஆனால் முதலாளி முன்னால் அதை விளக்க ஆரம்பித்தால் பாதியில் போன் வந்துவிடும். சாக்குச் சொல்வது போலவும் இருக்கும்.

அதனால் கம்ப்ரஸருக்கே போனேன். சின்ன கம்ப்ரஸரின் பேனலில் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் பஞ்சுத் தூசி படிந்திருக்கும், துணியால் துடைத்தால்தான் எண் தெரியும். 2022 மார்ச்சுக்கு முன்னால் அது மாதம் 700 மணி நேரத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவசரத்துக்கு ஓடிய சில மணி நேரங்கள்தான். நூல் நம்பர் மாறினாலும் கட்டணம் மாறினாலும் அந்த மீட்டருக்குக் கவலை இல்லை. நாம் கை வைத்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் அளக்கிறோமோ அவ்வளவுக்கு மறுபேச்சு குறையும்.

அடுத்தது, இதைச் செய்தது யார் என்ற கேள்வி. இது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நவம்பரில் மேனேஜர், "சர்வீஸ்காரர்கள் வந்து சரி செய்துவிட்டுப் போனார்கள்" என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். என்னை மட்டம் தட்டச் சொன்னதாக நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. மாதத்தில் ஒரு தரம் சர்வீஸ் ஆள் வந்து எண்ணெயும் பில்டரும் மாற்றுவார், அதைப் பார்த்திருக்கிறார். என்னைக் காப்பாற்றியது ஷிப்ட் லாக் புத்தகம். "ரிங் பிரேம் 7, மெயின் லைன் எல்போ, டியூப் மாற்றப்பட்டது" என்று தேதி, நேரத்துடன் என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. ஸ்டோர் இன்டென்ட் சீட்டுகளிலும் என் கையெழுத்து. இரண்டையும் தேதிவாரியாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் யார் செய்தது என்று கேட்க வேண்டியதில்லை. பின்னால் நினைவிலிருந்து எழுதிய பட்டியலுக்கு அந்த மதிப்பு இருக்காது. அன்றன்றைக்கு, வேறு காரணத்துக்காக எழுதிய காகிதத்தைத்தான் எதிரில் இருப்பவர் நம்புவார்.

நேரம் பற்றிச் சொன்னவர் கணக்குப் பிரிவு அண்ணன். டீக்கடையில் வைத்து என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "தீபாவளிக்குப் போய்க் கேட்டாயா? அந்த மாதம் போனஸுக்குப் பணம் புரட்டவே அவருக்குத் தூக்கம் வராது. உனக்கு ஒருவனுக்குக் கொடுத்தால் இருநூறு பேருக்கும் தெரியும்" என்றார். சம்பளப் பட்டியல் மார்ச் நடுவில் முதலாளி கையெழுத்துக்குப் போகிறது. அதற்கான வரைவைக் கணக்குப் பிரிவும் மேனேஜரும் பிப்ரவரியிலேயே தயார் செய்துவிடுகிறார்கள். ஏப்ரல் பிறந்த பிறகு போய்க் கேட்டால், நல்ல மனதோடு இருந்தாலும் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். ஆக, ஜனவரி கடைசி. உங்கள் நிறுவனத்தில் அந்த மாதம் எது என்று கணக்குப் பிரிவில் யாரையாவது நல்ல முறையில் கேட்டாலே தெரிந்துவிடும். இந்த ஒரு தகவலுக்காக ஒரு வருடத்தைத் தொலைப்பவர்கள் நிறைய பேர்.

பொங்கல் முடிந்து, முதலில் மேனேஜரிடம்தான் போனேன். அவரைத் தாண்டி மேலே போனால் அவர் எதிரியாகிவிடுவார், வரைவு அவர் கையில் இருக்கிறது. ஒரே ஒரு தாள். மேலே கம்ப்ரஸர் மணி நேரம், முன்னும் பின்னும். அதற்குக் கீழே மூன்று எண்கள் கொண்ட பில் கணக்கு. 38,000 ரூபாய் செலவையும் மறைக்காமல் போட்டிருந்தேன். அதைக் கழித்தாலும் முதல் மாதமே செலவு திரும்பிவிட்டது. கடைசியில், இன்ஜினியர் போன பிறகு நான் பார்த்துவரும் வேலைகள். இந்தப் பகுதியைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மிச்சப்படுத்திய பணம் சம்பள உயர்வுக்கு நியாயம், அவ்வளவுதான். பதவி உயர்வுக்கு அது போதாது. மேல் பதவியின் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம் என்பதைத்தான் அதற்குக் காட்ட வேண்டும். "உன் வேலைதானே" என்றவருக்கு என் நியமனக் கடிதத்தையும் இந்தப் பட்டியலையும் சேர்த்துக் காட்டினேன். கடிதத்தில் இன்டென்ட் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஆய்வுக் காகிதம் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ மேலே போனால் ஷிப்டை யார் பார்ப்பது?" என்று கேட்டார். அவருடைய உண்மையான பயம் அதுதான். எலக்ட்ரீசியன் தம்பி மூன்று மாதமாக இராத்திரி ஷிப்டைத் தனியாகப் பார்க்கிறான் என்று அதே லாக் புத்தகத்தில் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேச்சின் சுருதியே மாறிவிட்டது.

26,000 ரூபாயும் மின்பிரிவு பொறுப்பாளர் பதவியும் கேட்டேன். மாதம் 1.35 லட்சம் மிச்சப்படுத்தியவன் இன்னும் கேட்டிருக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். மிச்சத்தில் பங்கு கேட்பது போல் பேசினால், மிச்சம் இல்லாத மாதத்தில் பிடித்துக்கொள்ளலாமா என்று திரும்பி வரும். அந்தப் பதவிக்கு இந்தப் பக்கத்து ஆலைகளில் என்ன கொடுக்கிறார்களோ அதை ஒட்டித்தான் கேட்டேன். வேறு ஆலையில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லச் சொன்னவர்களும் உண்டு. ராசிபுரம், சங்ககிரி, ஓமலூர் பக்கம் ஆலை மேனேஜர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு போன் போதும், பொய் அம்பலமாகிவிடும். நிஜமாகவே போகத் தயாராக இருந்தால் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

மார்ச் கடைசியில் கூப்பிட்டு 24,000 என்றார்கள், பதவியும் உண்டு என்றார்கள். சந்தோஷத்தில் சரி என்று எழுந்திருக்கப் போனேன். நல்ல வேளை, கணக்குப் பிரிவு அண்ணன் முந்தின நாளே காதில் போட்டிருந்தார். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. போய்விடும். என் அம்மாவுக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் வாங்குகிறோம். வெளியே வாங்கினால் உயர்வில் பாதி அதற்கே போய்விடும்.

ஈ.எஸ்.ஐ. சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டாக ஓடுகிறது. காலம் தொடங்கும்போதே சம்பளம் வரம்பைத் தாண்டியிருந்தால் உடனே வெளியே. தொடங்கிய பிறகு தாண்டினால் அந்த ஆறு மாதம் முடியும்வரை உள்ளேதான். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அதாவது ஏப்ரல் 1 முதல் உயர்வு வந்தால் எங்களுக்கு 2023 டிசம்பரோடு முடிந்துவிடும். மே 1 முதல் வந்தால் 2024 ஜூன் வரை நீளும். ஒரு மாத உயர்வான 3,500 ரூபாயை விட்டுக்கொடுத்து ஆறு மாத மருத்துவத்தை வாங்கிக்கொண்டேன். மே மாதத்திலிருந்து போடுங்கள் சார் என்று கேட்டபோது சின்ன முதலாளிக்கு ஆச்சரியம். உயர்வைத் தள்ளிப்போடச் சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை போலும்.

இன்னொன்றும் கேட்டேன். 20,500 சம்பளத்துக்கு நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 666 ரூபாய், மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்குக் கட்டிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்த பிறகு அது அவர்களுக்கு மிச்சம். அந்தத் தொகையைக் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுக்க முடியுமா என்றேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வரம்பு தாண்டிய மற்ற மூவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகு, அக்டோபரிலிருந்து ஆளுக்கு 500 ரூபாய் தருகிறார்கள்.

தீபாவளிக்கு முன்னால் கேட்டதிலிருந்து மே மாதம் வரை அந்த 3,500 வராமல் போனதில் எனக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம் நஷ்டம். அதற்கும் முன்னால் இன்ஜினியர் வேலையைச் சும்மா பார்த்த மாதங்கள் கணக்கில் இல்லை. கடிதம் கைக்கு வந்ததும் அமலுக்கு வரும் தேதி, பதவிப் பெயர், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பார்த்தேன். உயர்வு முழுவதையும் அலவன்ஸில் போட்டிருந்தார்கள். அப்போதைய முறையில் அடிப்படையில் வந்தால்தான் பணிக்கொடையும், வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் கடைசிக் கணக்கும் கூடும். திருப்பிக் கொடுத்துப் பாதியையாவது அடிப்படைக்கு மாற்றச் சொன்னேன். இரண்டாவது கடிதம் வர ஜூன் ஆகிவிட்டது.